வைக்கேல்லை எண்டால் வைக்கேல்லைதான்

"கொஞ்சம் தெளிவாக் கதையுங்கோ, அப்ப பிடிக்கும்."

பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்று எங்கட தமிழைத் தப்பாக எழுதுகிற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தர் இதைச் சொல்லுவார். தெளிவு என்று அவர் சொல்வது தெளிவை அல்ல. வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, எழுத்துத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, இடையில் ஒரு ஆங்கிலச் சொல்லும் விடாமல் கதைக்கச் சொல்கிறார். அதாவது பிழை எங்கட வாயில் இருக்கிறது, மெஷினில் இல்லை என்கிறார். இந்தக் கட்டுரை அதுக்கு எதிரானது.

இது சின்ன விசயம் என்று விட முடியாது. கலைப்பீடத்தில் கடைசி வருச ஆய்வுக்காக நேர்காணல் எடுக்கிறவர்களில் பலர் இப்ப ஒலிப்பதிவை இப்படியான செயலிக்குள் போட்டுத்தான் எழுத்தாக்குகிறோம். ஒரு மணித்தியாலப் பதிவைக் கையால் எழுத நாலைந்து மணித்தியாலம் போகும். ஆகவே வேறு வழியில்லை. ஆனால் அந்த எழுத்துத்தான் பிறகு ஆய்வின் பின்னிணைப்பில் சான்றாக நிற்கும். காணி போனவர், பிள்ளையைத் தேடுகிறவர், தோட்டத்தில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர் என்று யார் கதைத்திருந்தாலும், அவர் சொன்னது என்று நாளைக்கு வாசிக்கப்படப் போவது செயலி எழுதினதைத்தான்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் அதோடயே போவம். நாங்கள் உதாரணத்துக்காக அமைத்த யாழ்ப்பாணப் பேச்சு வசனம் இது:

"அண்டைக்கு உவையள் கேட்டவுடனை நாங்கள் அந்த ஃபோமிலை சைன் வைக்கேல்லை, பேந்துதான் வைச்சனாங்கள்."

மொத்தம் பத்துச் சொல். ஒருத்தர் தன்ர காணி பற்றிச் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கோ. இதில் உயிரான சொல் "வைக்கேல்லை". அது மாறினால் சாட்சியமே மாறிப்போகும்.

மெஷின் எப்படிக் கேட்குது

மெஷினுக்குச் சொல் கேட்காது, ஒலிதான் கேட்கும். ஒலியை 25 மில்லிசெக்கன் நீளமான சின்னத் துண்டுகளாக, 10 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா நகர்ந்து நகர்ந்து வெட்டும். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருக்குது என்று அளந்து ஒரு படம் மாதிரி ஆக்கும். பிறகு அது ரெண்டு கேள்வி கேட்கும். ஒன்று, இந்த ஒலிப்படத்துக்கு எந்த எழுத்துகள் பொருந்தும்? மற்றது, இதுவரைக்கும் எழுதினதுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும்? பழைய முறைகளில் இந்த ரெண்டும் தனித்தனிப் பகுதிகளாக இருந்தன. இப்போதைய முறைகளில் ரெண்டும் ஒரே வலைக்குள் கலந்து நடக்குது. கேள்வி மட்டும் மாறவில்லை.

ரெண்டாவது கேள்விக்கான விடையை அது எங்கே படித்தது என்பதில்தான் பிரச்சினையே இருக்குது. பேச்சுத் தரவு என்று சேர்க்கப்படுவதில் பெரும் பங்கு உண்மையில் வாசிப்புத் தரவு. மொசில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்தை எடுங்கோ. திரையில் ஒரு வசனம் வரும், தன்னார்வலர் அதை வாசித்துப் பதிவு செய்வார். நல்ல திட்டம், பொதுவில் எல்லாருக்கும் கிடைக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருத்தி அதில் வாசித்தாலும் "அவர்கள் வரவில்லை" என்று திரையில் இருக்கிறதைத்தான் வாசிப்பாள். அவளுடைய குரல் தரவுக்குள் போகும், உச்சரிப்பும் கொஞ்சம் போகும். அவள் வீட்டில் கதைக்கிற இலக்கணம் போகாது. "வரேல்லை" போகாது, "வருவினம்" போகாது, "உவையள்" போகவே போகாது.

ஆகவே "அக்சென்ட் பிரச்சினை" என்று இதைச் சுருக்குவது பாதி உண்மைதான். அக்சென்ட் என்றால் ஒரே சொல்லை வேறு மாதிரி உச்சரிப்பது. "வைக்கேல்லை" அப்படி இல்லை. அது "வைக்கவில்லை" என்ற சொல்லின் கோணல் உச்சரிப்பும் இல்லை, எங்கட இலக்கணத்தில் சரியாக அமைந்த தனி வடிவம். மட்டக்களப்பில், மலையகத்தில், தென்பகுதி முஸ்லிம் ஊர்களில் வினைமுற்று வேறு வேறு மாதிரி முடியும். தமிழ்நாட்டிலும் மக்கள் "வைக்கல" என்றுதான் கதைக்கினம், "வைக்கவில்லை" என்று இல்லை. தமிழைப் பேசுகிற முறையும் எழுதுகிற முறையும் வேறு வேறு. எழுதுகிற முறையை மட்டும் படிப்பித்துவிட்டு, பேசுகிறவர்களைப் பார்த்து "உங்கட துல்லியம் குறைவு" என்றால் என்ன நியாயம்?

இதில் "உவையள்" தனிக்கதை. அவை, இவை என்பதுக்கு நடுவில், கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதையும் இப்ப பேச்சில் வந்துபோனதையும் சுட்டுகிற "உ" யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் உயிரோட இருக்குது. உது, உங்கை, உவன். தமிழ்நாட்டுப் பேச்சில் அது இல்லாமல் போய்விட்டது. எழுத்துத் தமிழை மட்டும் படித்த மெஷின் "உவையள்" என்ற ஒலியை என்ன செய்யும்? தெரிந்த சொல் ஒன்றில் கொண்டுபோய்ப் பொருத்தும். "இவர்கள்" என்று வரலாம், "உவமைகள்" என்றும் வரலாம். நேர்காணலில் அந்த அம்மா யாரைச் சுட்டினா என்பது அந்த இடத்திலேயே தொலைஞ்சு போகும்.

ஆங்கிலச் சொல் வந்தால்

எங்கட வசனத்தில் ரெண்டு ஆங்கிலச் சொல் இருக்குது: ஃபோம், சைன். இதுக்கும் "தமிழைக் கலப்பில்லாமல் கதையுங்கோ" என்று புத்தி சொல்ல ஆட்கள் இருக்கினம். காணி அலுவலுக்குப் போன ஒருத்தர் "படிவத்தில் ஒப்பமிடவில்லை" என்று வீட்டில் சொல்லுவாரா?

மெஷின் ஆங்கிலச் சொல்லில் தடுக்கி விழுவதுக்குக் காரணம் சொல் ஆங்கிலமாக இருப்பது மட்டுமில்லை. முதலாவது, அது தமிழ் உருபோட ஒட்டித்தான் வருகிறது. "ஃபோமிலை" என்பது எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை, எந்தத் தமிழ் அகராதியிலும் இல்லை. ரெண்டாவது, பல முறைகள் ஒரு துண்டுப் பேச்சுக்கு ஒரு மொழி என்று முதலே தீர்மானித்துவிடும். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் ஒலியை 30 செக்கன் துண்டாக எடுத்து, தொடக்கத்திலேயே இது இந்த மொழி என்று ஒரு குறியைப் போட்டுக்கொண்டுதான் எழுதத் தொடங்கும். அதைப் பழக்கின 680,000 மணித்தியாலத்தில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 117,000 மணித்தியாலம்தான். அந்த 30 செக்கனுக்குள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பத்துத் தரம் போய்வருகிற எங்களுக்கு அந்த ஒற்றைக் குறி எப்படிப் பொருந்தும்?

மூன்றாவது காரணத்தை ஆரும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆங்கிலச் சொல்லை நாங்கள் உச்சரிக்கிறதும் எழுதுகிறதும் தமிழ்நாட்டில் இருந்து வேறு. எங்களுக்கு டொக்டர், அவர்களுக்கு டாக்டர். எங்களுக்கு ஒபிஸ், அவர்களுக்கு ஆபீஸ். எங்களுக்கு ஃபோம், அவர்களுக்கு ஃபார்ம். "ரியூசன்", "ரீவி" என்று நாங்கள் எழுதுவதை அங்கே ஒருத்தர் வாசித்தால் குழம்பிப்போவார். மெஷின் சரியாகவே கேட்டு "ஃபார்மில்" என்று எழுதினாலும் சோதனைத் தாளில் "ஃபோமிலை" என்று இருந்தால் அது பிழைதான். இங்கே பிழை விட்டது யார்? மெஷினா, நாங்களா? ரெண்டு பேரும் இல்லை. ஒரு சொல்லை ரெண்டு விதமாக எழுதலாம் என்று ஒத்துக்கொள்ளாத விடைத்தாள்தான்.

இரைச்சல் பக்கம் சாயும்

இரைச்சல் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கெடுதல் என்றுதான் நினைப்போம். ஃபான் சத்தம், தகரக் கூரையில் மழை, றோட்டில் போற பஸ், இதெல்லாம் ஆளைப் பார்த்து வருவதில்லை. ஆனால் அதின்ர விளைவு ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

மேலே சொன்ன ரெண்டு கேள்வியையும் மறுபடி பாருங்கோ. ஒலி தெளிவாக இருந்தால் முதல் கேள்வி பலமாக இருக்கும், கேட்டதை மெஷின் எழுதும். சொல்லின் முடிவை ஃபான் சத்தம் மூடிவிட்டால் "வைக்கே..." என்பது மட்டும்தான் மிச்சம். அப்ப முதல் கேள்விக்கு உறுதியான விடை இல்லை, ரெண்டாவது கேள்விதான் தீர்மானிக்கும். ஏற்கெனவே வாசித்த எழுத்தில் எது அடிக்கடி வந்ததோ அதுவே எழுதப்படும். பெரும்பான்மைத் தமிழில் கதைத்தவருக்கு அந்த ஊகம் பல தரம் சரியாகவே வரும், ஏனென்றால் அவர் சொன்னதும் மெஷின் எதிர்பார்த்ததும் ஒன்று. எங்களுக்கு அது பிழைக்கும். அதே ஃபான், அதே தூரம், அதே ஃபோன். ஒருத்தருக்கு இரைச்சலில் மெஷின் கைகொடுக்குது, மற்றவரைத் திருத்துது.

இந்தத் திருத்தம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் மோசம். கையால் எழுதுகிறவருக்குக் கேட்காவிட்டால் "[விளங்கவில்லை]" என்று அடைப்புக்குறி போட்டுவிட்டுப் போவார். மெஷின் பெரும்பாலும் அப்படி விடாது. இடைவெளியை ஒரு அழகான, இலக்கண சுத்தமான தமிழ்ச் சொல்லால் நிரப்பும். வாசிக்கிற உங்களுக்கு எந்த இடத்தில் அந்த அம்மாவின் சொல் முடிந்து மெஷினின் சொல் தொடங்கினது என்று தெரியாது. எழுத்துக்குப் பிழை தெரிகிற மாதிரி வந்தால் திரும்பப் பதிவைக் கேட்பீர்கள். பிழை ஒழுங்காக உடுத்திக்கொண்டு வந்தால் கேட்க மாட்டீர்கள்.

துல்லியம் என்று எதைச் சொல்லினம்?

இப்ப மதிப்பெண்ணுக்கு வருவம். சொற்பிழை வீதம் என்பதுதான் வழமையான அளவுகோல். மாறின சொல், விடுபட்ட சொல், இல்லாமல் சேர்ந்த சொல் மூன்றையும் கூட்டி, சரியான விடையில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் பிரிப்பது. எங்கட வசனத்தை மெஷின் ரெண்டு விதமாக எழுதினது என்று வையுங்கோ.

முதல் விடை: "அன்றைக்கு இவர்கள் கேட்டவுடன் நாங்கள் அந்த ஃபார்மில் சைன் வைக்கவில்லை, பிறகுதான் வைத்தோம்."

ரெண்டாவது விடை: "அண்டைக்கு உவையள் கேட்டவுடனை நாங்கள் அந்த ஃபோமிலை சைன் வைக்கேலும், பேந்துதான் வைச்சனாங்கள்."

முதலாவதில் நாங்கள், அந்த, சைன் தவிர ஏழு சொல் மாறியிருக்குது. பிழை வீதம் 70. ஆனால் "உவையள்" போனதைத் தவிர விசயம் முழுக்க இருக்குது, ஆரும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். ரெண்டாவதில் ஒரே ஒரு சொல்தான் மாறினது. பிழை வீதம் 10. கேட்டவுடனை கையெழுத்து வைக்கவில்லை என்று சொன்னவர், வைக்கலாம் என்று சொன்னவராக மாறிவிட்டார். இந்த அளவுகோலின்படி ரெண்டாவது மெஷின்தான் ஏழு மடங்கு நல்லது.

இதோட முடியவில்லை. மதிப்பெண் போடுவதுக்கு முன்னால் விடையையும் மெஷின் எழுதினதையும் ஒருவித ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள். நிறுத்தக்குறி, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு எல்லாம் பிழையாகக் கணக்கிடப்படக் கூடாது என்பதுக்காக. நியாயமான வேலை. விஸ்பர் நிரலோட இதுக்கு ரெண்டு ஒழுங்காக்கி வருகிறது. ஒன்று ஆங்கிலத்துக்கு மட்டும், மற்றது மிச்ச எல்லா மொழிக்கும்.

ஆங்கிலத்துக்கானது மிகக் கருணையானது. பேச்சில் "கொன்னா" என்று சொன்னாலும் எழுத்தில் "கோயிங் டு" என்று இருந்தாலும் ரெண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். "வோன்ட்" என்பதும் "வில் நொட்" என்பதும் ஒன்று. பிரித்தானிய எழுத்துக்கூட்டலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலும் ஒன்று. அதாவது ஆங்கிலத்தில் பேச்சு வேறு எழுத்து வேறு, நாட்டுக்கு நாடு எழுத்துக்கூட்டல் வேறு என்று செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்குது. அதுக்காக யாருக்கும் புள்ளி வெட்டவில்லை.

எங்களுக்கு வருவது மற்றது, `basic.py` என்ற கோப்பில் இருப்பது. அது நிறுத்தக்குறிகளோட சேர்த்து, யூனிகோட்டில் "குறி" என்று வகைப்படுத்தப்பட்ட எல்லாத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றிடம் போடும். தமிழில் கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாமே அந்த வகைக்குள் வருகின்றன. அதாவது உயிர்மெய்யில் இருந்து உயிரை உருவி எடுத்துவிட்டுத்தான் சரி பிழை பார்க்கும். "கொடு", "கெடு", "கூடு" மூன்றும் அதுக்கு "க ட" தான். எங்கட சொல்லுக்கு என்ன நடக்குது பாருங்கோ:

```
வைக்கேல்லை  →  வ க க ல ல
வைக்கேலும்   →  வ க க ல ம
```

ஒரு சொல் ஐந்து துண்டாகப் போய்விட்டது, அதில் நாலு சரி. முழு வசனத்தையும் இப்படி வெட்டினால் பத்துச் சொல் 35 துண்டாகும், பிழை ஒன்றுதான். 10 வீதமாக இருந்த பிழை 3 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மெஷின் ஒரு எழுத்துக்கூட முன்னேறவில்லை, எண் மட்டும் அழகாகிவிட்டது. இந்திய மொழிகளில் ஆய்வு செய்கிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். ஆகவே தமிழுக்கு இத்தனை வீதத் துல்லியம் என்று எங்கேயாவது கண்டால் முதலில் கேட்கவேண்டியது: எதை எறிந்துவிட்டு எண்ணினீர்கள்?

ஆங்கிலத்தின் பேச்சு வழக்குக்கு மன்னிப்பு, தமிழின் பேச்சு வழக்குக்குத் தண்டனை, தமிழின் உயிரெழுத்துக்கு வெட்டு. இதுக்குள் "நீங்கள் தெளிவாக் கதைக்கேல்லை" என்று எங்களைக் குற்றம் சொல்வது எங்கே வருகிறது?

அப்ப என்ன செய்யிறது

"எழுத்துத் தமிழில் வந்தால்தானே எல்லாருக்கும் விளங்கும்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தொலைபேசியில் செய்தி அனுப்பவோ காணொளிக்கு வசன உரை போடவோ எழுத்துத் தமிழ் போதும், நல்லதும்கூட. ஆனால் கேட்டதை எழுதுவது ஒரு வேலை, எழுதினதை வேறு நடைக்கு மாற்றுவது இன்னொரு வேலை. ரெண்டாவதைச் செய்யவேண்டுமென்றால் முதலாவதைச் செய்து முடித்தபிறகு, மாற்றியிருக்கிறோம் என்று தெரியச் செய்யவேணும். சொல்லாமல் கொள்ளாமல் ரெண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு அதுக்குப் பேச்சறிதல் என்று பெயர் வைக்கக்கூடாது.

"தரவு இல்லையே" என்பது மற்றப் பதில். இதுவும் முழுக்க உண்மையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வொய்சஸ் தொகுப்பில் இந்தியாவின் 22 மொழிகளில் மக்கள் வாசிக்காமல் இயல்பாகக் கதைத்த பேச்சும் இருக்குது. 2022இல் தமிழ்நாட்டில் முதியவர்களும் திருநர்களும் இயல்பாகக் கதைத்த தமிழைச் சேர்த்து ஒரு ஆய்வுப் போட்டியே நடந்தது. ஆகவே சேர்க்கலாம். அவர்கள் தங்கட ஊர்ப் பேச்சைச் சேர்த்தார்கள், எங்களுடையதை அவர்கள் வந்து சேர்க்கவேணும் என்று காத்திருப்பதுதான் எங்கட பிழைப்பா? கூகிளின் மொழிப்பட்டியலில் `ta-LK` என்று இலங்கைத் தமிழுக்கு ஒரு குறி இருக்குது. ஆனால் தீவு முழுதுக்கும் அந்த ஒரே குறிதான். அதுக்குள் பருத்தித்துறையும் அக்கரைப்பற்றும் ஹற்றனும் பேருவளையும் ஒன்றாகவா கதைக்குது?

எங்கட கோரிக்கை பெரிசில்லை. நேர்காணல் எழுத்தாக்கத்தை ஏற்கிற துறைகள், செயலி எழுதினதைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தினதுக்குப் பிறகு மட்டும் ஏற்கவேணும். பதிவை அழிக்கவிடக்கூடாது. திருத்தும்போது எதிர்மறை, ஆள், எண், இடப்பெயர் என்ற நாலையும் கட்டாயம் காதால் சரிபார்க்கவேணும், சாட்சியம் உடையிறது அங்கேதான். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே எழுதவேணும். மொழியியல் துறை, கணினித் துறை ரெண்டும் சேர்ந்து ஒவ்வொரு பிரதேசப் பேச்சிலும் ஒரு மணித்தியாலமாவது அனுமதியோடு பதிந்து, பேசினபடியே எழுதி, பொதுவில் வைக்கவேணும். ஒரு மணித்தியாலத்தில் மெஷினைப் பழக்க ஏலாது. ஆனால் சோதிக்க ஏலும். "தமிழுக்கு வேலை செய்யுது" என்று வாறவரிடம் "எங்கட ஒரு மணித்தியாலத்தை எழுதிக் காட்டுங்கோ" என்று சொல்லலாம். அந்தச் சோதனையின் விடைத்தாளில் "ஃபோம்", "ஃபார்ம்" ரெண்டும் சரி என்று இருக்கும். "வைக்கேல்லை" இடத்தில் "வைக்கேலும்" வந்தால் முழுப் புள்ளியும் போகும்.

அதுவரைக்கும் ஆரும் எங்களைத் தெளிவாக் கதைக்கச் சொல்லவேண்டாம். பத்துச் சொல்லும் தெளிவாகத்தான் சொல்லப்பட்டிருக்குது. பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூட்டிவந்து கேளுங்கோ, ஒரு தரத்தில் பிடிப்பா.